நின்ற நேரம் சராசரி வேகத்தில் சேருமா? அண்ணன் தம்பி சைக்கிள் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகக் கணக்கு நடத்தும்போதெல்லாம் இந்தக் குட்டிக் கதையைச் சொல்வேன். மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, மறுநாள் பெற்றோரிடமிருந்தும் சேர்த்துச் சந்தேகங்கள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். மகளின் நோட்டில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன.

பெரியப்பா மகன் ஒருவன், சித்தப்பா மகன் ஒருவன். அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. தள்ளியிருக்கும் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் கிளம்புகிறார்கள். காலை 6:00 மணிக்கு ஊர் எல்லைக் கல்லைத் தாண்டும்போது, பின்னால் மூட்டை கட்டிய பழைய சைக்கிளில் ஒரு முதியவரும் கிளம்புகிறார். இருவரும் அவரை நொடியில் முந்திவிடுகிறார்கள். காற்று முதுகில் தள்ளுகிறது. மணிக்கு 20 கி.மீ. வேகம். சரிபாதி தூரத்தில், 18-ஆவது கிலோமீட்டரில், சாலையோரம் ஒரு மரம். மணி 6:54. இறங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். தம்பி தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றி, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும்போது மணி 7:30. அந்த முதியவர் அப்போதுதான் மரத்தைக் கடக்கிறார். அதற்குமேல் எதிர்க்காற்று. இருவரின் வேகமும் மணிக்கு 12 கி.மீ. ஆகக் குறைகிறது. காற்று வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மிதியாக மிதிக்கும் முதியவரும் அவர்களோடு கூடவே வருகிறார். 9:00 மணிக்கு மூவரும் ஒன்றாக ஊர் சேர்கிறார்கள்.

அண்ணன் கைப்பிடியில் மாட்டியிருக்கும் மீட்டரைப் பார்த்து, "சராசரி 15" என்கிறான். "மூன்று மணி நேரத்தில் 36 கிலோமீட்டர் வந்தோம். 12 தானே அண்ணா?" என்கிறான் தம்பி. "மரத்தடியில் உட்கார்ந்ததை எல்லாம் ஓட்டினதில் சேர்ப்பாயா?" என்று அண்ணன் கேட்க, அங்கே கதையை நிறுத்திவிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், 12-ஆ 15-ஆ?

12. சராசரி வேகம் என்று அடைமொழி ஏதும் இல்லாமல் சொன்னால், மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வருவது அது. 6:00 முதல் 9:00 வரை 3 மணி நேரம்; 36 ÷ 3 = 12.

அண்ணனின் 15-உம் பிழையான எண் இல்லை. நின்ற 36 நிமிடத்தைக் கழித்தால் மிதித்த நேரம் 2 மணி 24 நிமிடம், அதாவது 2.4 மணி, 36 ÷ 2.4 = 15. அதற்குப் பெயர் "ஓட்டத்தில் இருந்தபோதான சராசரி வேகம்". பெயரைச் சுருக்கி வெறும் சராசரி என்றதுதான் அவன் செய்த தவறு. முழுப் பெயரையும் சொல்லியிருந்தால் தம்பிக்குச் சண்டை போட இடமே இருந்திருக்காது.

நிற்கும்போது வேகமே இல்லையே. இல்லாத ஒன்றை எப்படிச் சராசரியில் சேர்க்க முடியும்?

வேகம் இல்லை என்பதும் வேகம் சுழி என்பதும் ஒன்று என நினைக்கிறோம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. 7:10-க்குச் சைக்கிளின் வேகம் என்ன என்று கேட்டால் "மணிக்கு 0 கி.மீ." என்று திட்டமான பதில் உண்டு. தேர்வு எழுதாத மாணவனும் தேர்வு எழுதிச் சுழி வாங்கிய மாணவனும் வேறு வேறு அல்லவா? மரத்தடியில் நிற்கும் சைக்கிள் சுழி வாங்கிய மாணவன். அவனை விட்டுவிட்டு வகுப்புச் சராசரி போடக்கூடாது.

ஆனால் சேர்க்கும்போது எத்தனை நேரத்துக்கு எந்த வேகம் என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மொத்தம் 180 நிமிடம். அதில் 54 நிமிடம் 20-இல், 36 நிமிடம் 0-இல், 90 நிமிடம் 12-இல். பங்குகளாகச் சொன்னால் 0.3, 0.2, 0.5. இவற்றை வேகத்தோடு பெருக்கிக் கூட்டினால் 6 + 0 + 6 = 12. வகுத்து வந்த அதே விடை. மூன்று வேகத்தையும் வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தவர்களுக்கு 10.67 வந்திருக்கும். நிற்பதற்கும் மிதிப்பதற்கும் சமமான நேரம் கொடுத்துவிட்டதால் வந்த வினை.

20-ஐயும் 12-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 16 தானே வரவேண்டும்? அண்ணனுக்கு எப்படி 15 வந்தது?

என்னிடம் வரும் விடைத்தாள்களில் மிக அதிகமாகப் பார்க்கும் எண் இந்த 16. இரண்டு பாதியும் 18 கி.மீ. என்பதால் இரண்டு வேகத்துக்கும் சம உரிமை என்று தோன்றுகிறது. தூரம் சமம்தான், நேரம் சமமில்லை. வேகமாகப் போன பாதி 54 நிமிடத்தில் முடிந்துவிட்டது. மெதுவாகப் போன பாதி 90 நிமிடம் இழுத்தது. அவர்கள் 12-இல் கழித்த நேரம் அதிகம் என்பதால் சராசரி 12-இன் பக்கம் சாய்கிறது. முன்கேள்வியில் செய்தபடியே, மிதித்த 144 நிமிடத்தில் பங்கு பிரித்தால் 7.5 + 7.5 = 15.

இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓட்டியிருந்தால் 16 சரியாக இருந்திருக்கும். சம தூரமா, சம நேரமா என்று கேள்வியில் தேடிப் பார்ப்பதற்கு முன் கூட்டலைத் தொடவேண்டாம்.

அந்த முதியவர் கதைக்குள் எதற்கு வருகிறார்? அவர் இல்லாமலே கணக்கு முடிந்துவிடுகிறதே.

கணக்கு முடிந்துவிடும், வாதம் முடியாது. அவர் தம்பியின் சாட்சி. 6:00 மணிக்கு எல்லைக் கல்லில் கிளம்பி, எங்கும் நிற்காமல், ஒரே 12-இல் மிதித்து 9:00 மணிக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய சராசரி வேகம் 12 என்பதில் அண்ணனுக்கும் மறுப்பில்லை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே வழியில் வந்து, ஒரே நேரத்தில் சேர்ந்த இருவருக்கு வெவ்வேறு சராசரி வேகம் என்றால் அந்தச் சொல்லால் பிறகு என்ன பயன்?

சராசரி வேகம் என்பதன் உள்பொருளே அவர்தான் என்று நினைக்கிறேன். நின்று, ஓடி, இளைத்து நாம் போன பயணத்தை ஒருவர் சீராக ஓட்டி அதே நேரத்தில் முடித்தால் அவர் என்ன வேகத்தில் ஓட்டியிருப்பாரோ, அது நம் சராசரி. 6:54-க்கு அவர் 10.8 கி.மீ.யில் இருந்தார், இவர்கள் 18-இல் இருந்தார்கள். இவர்கள் முந்தியிருந்த 7.2 கி.மீ.யை அந்த 36 நிமிடத்தில் அவர் அமைதியாக அடைத்துவிட்டார்.

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவனுடைய கால்கள் என்ன செய்தன, எவ்வளவு வலிக்கும் என்பதை முதியவரின் 12 சொல்லாது. பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் 15-ஐப் பிடித்துத் தொங்குவதன் காரணம் அதுதான்.

மீட்டர் 15 என்று காட்டுகிறதே, கருவி பொய் சொல்லுமா?

பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்டதற்குப் பதில் சொல்கிறது. சாதாரணச் சைக்கிள் மீட்டரில் சக்கரக் கம்பி ஒன்றில் சிறு காந்தம் இருக்கும். முன்பக்கக் கவையில் ஓர் உணரி. காந்தம் ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று. சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்றால், இந்தப் பயணத்தில் காந்தம் சுமார் 17,000 முறை கடந்திருக்கும். சில நொடிகள் காந்தம் வரவில்லை என்றால் பெரும்பாலான மீட்டர்கள் உள்கடிகாரத்தை நிறுத்திவிடும். மரத்தடியில் கழிந்த 36 நிமிடத்தை அந்த மீட்டர் அறியவே அறியாது. தம்பி விரலால் சுழற்றியது காந்தம் இல்லாத பின்சக்கரம். முன்சக்கரத்தைச் சுழற்றியிருந்தால் நின்ற இடத்திலேயே தூரமும் ஏறியிருக்கும்.

கைபேசிச் செயலிகளில் `Moving Time`, `Elapsed Time` என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது மிதித்த நேரம், இரண்டாவது கிளம்பியது முதல் சேர்ந்தது வரையான நேரம். அருகில் காட்டும் சராசரி வேகம் எந்த வரியால் வகுக்கப்பட்டது என்று நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். சைக்கிள் பயணத்துக்குப் பெரும்பாலும் முதல் வரியாகத்தான் இருக்கும்.

என் செயலியில் வந்த எண் என் கணக்கோடு ஒட்டவில்லை. நின்றதைவிட அதிகம் நின்றதாகக் காட்டுகிறது. என்ன நடந்திருக்கும்?

`Auto Pause` வேலை. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தும் வசதி அது. செங்குத்தான மேட்டில் திணறித் திணறி ஏறும்போது, உங்கள் வேகம் அந்த எல்லைக்குக் கீழே போய்விடலாம். நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள், செயலி உங்களை உட்கார வைத்துவிட்டது.

நம் கதையிலேயே பார்க்கலாம். இரண்டு நேர வரிகளையும் கழித்தால் நின்ற நேரம் 36 நிமிடம் வரவேண்டும். 41 வந்தால், 5 நிமிட மிதிப்பை விழுங்கிவிட்டது என்று பொருள். மிதித்த நேரம் 139 நிமிடமாகக் குறைந்து, சராசரி ஏறக்குறைய 15.5 என்று வீங்கித் தெரியும். அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நிற்கும்போது செயற்கைக்கோள் காட்டும் இடம் சில மீட்டர் அங்குமிங்கும் அலையும். செயலி அதை நகர்வு என்று எண்ணித் தூரத்தைக் கூட்டலாம். வரைபடத்தில் மரத்தடியில் மட்டும் சிலந்தி வலை போலக் கோடுகள் குவிந்திருந்தால் அதுதான். இதனால் மொத்த நேரச் சராசரிக்கு ஒரு வசதி இருக்கிறது: கிளம்பிய மணியும் சேர்ந்த மணியும் போதும், நடுவில் எது ஓட்டம் எது நிற்றல் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கிலி கழன்று மாட்டினால், ரயில்வே கேட்டில் நின்றால், மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தால்? இவையெல்லாம் ஓய்வா?

தம்பியின் கணக்கில் இந்தக் கேள்வியே எழாது. எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் அடக்கம். அண்ணன்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சங்கிலியும் கேட்டும் சக்கரம் சுழலாத நேரம் என்பதால் கழிக்கலாம், அவை ஓய்வு இல்லை என்றாலும். நடந்து தள்ளியதைக் கழிக்க முடியாது. அந்தத் தூரத்தை 36-க்குள் வைத்துக்கொண்டு, அதற்கான நேரத்தை மட்டும் எடுத்துவிடுவது ஏமாற்று. கழிப்பதென்றால் தூரத்தையும் சேர்த்தே கழிக்க வேண்டும்.

தேர்வில் "வழியில் 36 நிமிடம் ஓய்வெடுத்தனர்" என்று வந்தால் என்ன எழுதுவது?

ஓய்வு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டு வெறும் "சராசரி வேகம்" கேட்டால், சேர்த்தே எழுதுங்கள். "ஓய்வு நீங்கலாக" என்றோ "ஓட்டிய நேரத்தில்" என்றோ இருந்தால் மட்டும் கழியுங்கள். விடையோடு "மொத்த நேரம் = 3 மணி" என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. எதனால் வகுத்தீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

நிஜமான சைக்கிள் போட்டிகளில் எதை எடுத்துக்கொள்கிறார்கள்?

சாலைப் பந்தயத்தில் டயர் பஞ்சரானாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெற்றி பெற்றவரின் சராசரி வேகமும் அந்த நேரத்தால் வகுத்ததுதான்.

இதைவிடக் கறாரானது 'பிரவே' எனப்படும் நெடுந்தூரப் பயணம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்று ஏறக்குறைய 1200 கி.மீ.; அதற்கு அதிகபட்ச வரம்பு 90 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குள்தான்.

நம் அண்ணன் 200 கி.மீ. பிரவேக்குப் போனால் என்ன ஆகும்? "என் சராசரி 15" என்று நம்பிக் கிளம்புகிறான். 15-இல் 200 கி.மீ. மிதிக்க 13 மணி 20 நிமிடம் வேண்டும். நாள் முழுவதற்கும் சேர்த்து அவன் இறங்கி நிற்கக் கிடைப்பது 10 நிமிடம்! கதையில் ஓய்வெடுத்த அளவிலேயே போனால் 16 மணி 40 நிமிடம் ஆகும். அவன் வருவதற்குள் முத்திரை குத்தும் மேசையை மடித்துக் கொண்டுபோயிருப்பார்கள்.

ஓய்வெடுத்த பிறகும் வேகமாக ஓட்டி, மொத்தச் சராசரியை 15-க்குக் கொண்டுவர முடியாதா?

முடியும், விலை அதிகம். மொத்தச் சராசரி 15 ஆக வேண்டுமானால் 2 மணி 24 நிமிடத்தில், அதாவது 8:24-க்குள் ஊர் சேர வேண்டும். 7:30-க்கு மரத்தடியில் எழுந்தால் மீதி 54 நிமிடம், மீதி 18 கி.மீ. ஆக, எதிர்க்காற்றிலும் 20-ஐ விடாமல் பிடிக்க வேண்டும். மொத்தச் சராசரி 18 வேண்டுமென்றால் 8:00 மணிக்குள் சேர வேண்டும், அதற்கு 36. மொத்தச் சராசரியே 20 வேண்டுமென்றால் மீதி 18 நிமிடம். மணிக்கு 60 கி.மீ.!

உட்காராமல் போயிருந்தால் அதே 20-க்கு வெறும் 20 போதும். நின்ற நேரம் மீதி நேரத்திலிருந்து கழிகிறது. மீதி குறையக் குறைய வேண்டிய வேகம் எகிறுகிறது.

அடுத்த வாரம் 54 கி.மீ. போகிறோம். 6 மணிக்குக் கிளம்பினால் எப்போது சேர்வோம் என்று சொல்ல எந்த எண்ணை எடுப்பது?

இங்கே நான் அண்ணன் கட்சிக்கு மாறிவிடுவேன். வெறும் 15-ஆல் வகுத்தால் 9:36. நிற்கவே மாட்டோம் என்ற கனவு அது. 12-ஆல் வகுத்தால் 10:30. அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: 36 கி.மீ.க்கு 36 நிமிடம் நின்றதால், கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் நிற்போம் என்று அது எடுத்துக்கொள்கிறது. 54 கி.மீ.க்கு 54 நிமிட ஓய்வு. நீங்கள் அப்படி நிற்பீர்களா?

அதே 36 நிமிட ஓய்வு ஒருமுறைதான் என்றால், மிதிக்க 3 மணி 36 நிமிடம், ஓய்வு 36 நிமிடம், சேரும் நேரம் 10:12. மொத்தச் சராசரி ஏறக்குறைய 12.9 ஆக வரும். முடிந்த பயணத்தைச் சொல்லத் தம்பியின் எண். வரப்போகும் பயணத்தைத் திட்டமிட அண்ணனின் எண்ணையும் ஓய்வு நிமிடங்களையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு கூட்டுவது நல்லது. இரண்டாம் பாதியில் எதிர்க்காற்று அடிக்குமா என்பதையும் யோசியுங்கள். அந்த 15-க்குள் ஒரு பாதி சாதகக் காற்று இருக்கிறது.

திரும்பி வந்துவிட்டால் சராசரி சுழி என்று அறிவியல் ஆசிரியர் சொல்கிறாரே?

அவர் சொல்வது திசைவேகம். கிளம்பிய இடத்துக்கே வந்தால் இடப்பெயர்ச்சி சுழி, எனவே சராசரி திசைவேகமும் சுழி. வேகத்துக்குக் கடந்த தூரம்தான் கணக்கு. திரும்பி வந்தாலும் அது அழியாது.

அன்றிரவு அங்கேயே தங்கி மறுநாள் காலை திரும்பினால், தூங்கின நேரமும் சேருமா? தம்பி இதற்கு என்ன சொல்வான்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது. கதையைப் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி. மறுநாள் 6:00 மணிக்குக் கிளம்பி 9:00 மணிக்கு வீடு சேர்ந்தால் மொத்தம் 72 கி.மீ., மொத்தம் 27 மணி நேரம். தம்பியின் விதிப்படி சராசரி மணிக்கு 2.67 கி.மீ. வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்பதைக் கேள்வி கேட்பவர் தீர்மானிக்க வேண்டும். "இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு" என்றால் 6:00 முதல் 9:00. மரத்தடி உள்ளே, இரவு வெளியே. "வீட்டை விட்டுப் போய் வீடு திரும்பும்வரை" என்றால் இரவும் உள்ளே. பிரவே ஓட்டுபவர்களின் தூக்கம் உள்ளே வருவதும் இதனால்தான்: அவர்களிடம் கேட்கப்படுவது தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடுவரை. எல்லைகளை முதலில் நட்டுவிட்டால், அவற்றுக்குள் விழும் நிமிடங்களைப் பிடித்தது பிடிக்காதது என்று பொறுக்க முடியாது.

அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது, கதையின் அண்ணனாக மாறி அவளே தம்பிக்குப் பதில் சொன்னாள்: "2.67 என்றால் நடந்தே போயிருக்கலாமே தம்பி, சைக்கிளை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தாய்?"